மூன்று விலை காட்டும் மெயிலில் "இதை எடுங்கள்" என்று எங்கே சொல்வது?

கேள்வி: "நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வெப்சைட் செய்து கொடுக்கிறோம். ஒரே விலை சொன்னால் 'அதிகம்' என்று பேச்சையே முடித்துவிடுகிறார்கள். அதனால் மூன்று ஆப்ஷன் வைத்து மெயில் அனுப்ப ஆரம்பித்தேன். இப்போது 'பார்த்துட்டு சொல்றோம்' என்கிறார்கள், அப்புறம் சத்தமே இல்லை. நடுவில் இருப்பதுதான் அவர்களுக்குச் சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று நினைப்பார்களோ என்று பயம். எப்படி எழுதுவது?"

நான் பதினாறு வருடமாக மென்பொருள் வேலைகளுக்குக் கொட்டேஷன் எழுதுகிறேன். நடுவில் நான்கு வருடம் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து வரும் கொட்டேஷன்களை வாங்கிப் பார்த்து, மேலிடத்துக்கு அனுப்பி வைக்கிற வேலை. எழுதக் கற்றுக்கொண்டது அந்த நான்கு வருடத்தில்தான் என்று சொல்வேன். அங்கே பார்த்ததிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பயத்துக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் மெயிலை முதலில் திறப்பவர் பெரும்பாலும் முடிவெடுப்பவர் இல்லை. உங்களோடு போனில் பேசியவர் அவர். அதைப் போனிலேயே திறக்கிறார், விரலால் தள்ளிக்கொண்டே போய் விலையைப் பார்க்கிறார், "சார், பார்க்கவும்" என்று ஒரு வரி போட்டு முதலாளிக்கு ஃபார்வர்டு செய்கிறார். முதலாளி உங்களோடு பேசியதே இல்லை. அவர் கண்ணுக்கு மூன்று தொகை தெரிகிறது, கீழே பதினான்கு வரிசையில் டிக் போட்ட ஓர் அட்டவணை. அவர் திரும்பக் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதுல எது நமக்கு?" அந்தக் கேள்விக்கு உங்கள் மெயிலில் பதில் இல்லையென்றால், நடுவில் இருப்பவர் தானே ஒரு நியாயம் எழுத வேண்டும். வெப்சைட் பற்றித் தெரியாதவர் வெப்சைட் பற்றி எழுத வேண்டும், அது தப்பாகப் போனால் பழி அவருக்கு. அவர் என்ன செய்வார்? நாளைக்குப் பார்க்கலாம் என்று வைப்பார். நானும் அப்படித்தான் வைத்தேன். என் மேஜையில் மாதக்கணக்கில் கிடந்த கொட்டேஷன்களில் விலை அதிகமானவை குறைவு. என்ன சொல்கிறார்கள் என்று ஒரு வாக்கியத்தில் மேலே சொல்ல முடியாதவைதான் அதிகம்.

ஆகவே உங்களுக்கு எது சரியென்று தெரிந்தும் சொல்லாமல் விடுவது நாகரிகம் இல்லை. உங்கள் வேலையை அவர் தலையில் வைப்பது. சரி, சொன்னால் தள்ளுவதுபோல் ஆகாதா? ஆகும், இரண்டு விஷயம் விடுபட்டால். ஒன்று, காரணம் அவர்கள் வாயிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். "இதுதான் எங்களிடம் அதிகம் போகிறது" என்பது உங்கள் காரணம். "உங்களுக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஸ்டாக் கேட்டுத்தான் என்று சொன்னீர்கள்" என்பது அவர்கள் காரணம். இரண்டாவது, எந்த நிலைமையில் உங்கள் பரிந்துரை தப்பாகும் என்பதையும் நீங்களே எழுத வேண்டும். "இப்படி இருந்தால் முதலாவது போதும், இரண்டாவதற்குச் செலவு செய்ய வேண்டாம்" என்று விற்பவரே எழுதியிருந்தால், படிப்பவருக்கு அவர் சொல்கிற மற்றதன் மேலும் நம்பிக்கை வருகிறது. இந்த இரண்டாவதைத்தான் கிட்டத்தட்ட எல்லோருமே விட்டுவிடுகிறார்கள். கீழே நான் எழுதப்போகிற உதாரணம் முழுக்க அதைச் சுற்றித்தான்.

அதற்கு முன், "மூன்று வைத்தால் நடுவில் உள்ளதை எடுப்பார்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு சந்தேகம் என்று பிரித்துவிடுகிறேன். அதற்கு ஆதாரம் இருக்கிறது. 1992இல் இட்டமார் சைமன்சன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் வெளியிட்ட ஆய்வில், 169.99 டாலர், 239.99 டாலர் என்று இரண்டு மினோல்டா கேமராக்களை ஒரு குழுவிடம் காட்டினார்கள். பாதிப் பேர் ஒன்றையும் பாதிப் பேர் மற்றதையும் எடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதோடு 469.99 டாலர் கேமரா ஒன்றையும் சேர்த்துக் காட்டினார்கள். இப்போது நடுவில் வந்துவிட்ட 239.99 கேமராவை 57 சதவீதம் பேர் எடுத்தார்கள். மற்ற இரண்டுக்கும் 22, 21. ஓரங்களைத் தவிர்த்து நடுவைப் பிடிக்கிற இந்தச் சாய்வு உண்மை. ஆனால் அங்கே ஒருவர் தனக்காக, ஒரே வகைப் பொருளை, ஒரே பார்வையில் ஒப்பிட்டார். உங்கள் மெயிலைப் பார்ப்பது இரண்டு மூன்று பேர், வெவ்வேறு நாட்களில், அடுத்தவர் பணத்தை வைத்து. அங்கேயும் அதே 57 வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"அதிகத் தேர்வு கொடுத்தால் குழம்பி ஓடிவிடுவார்கள்" என்பதும் அப்படித்தான். 2000இல் வந்த ஜாம் ஆய்வை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம்: கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது 30 சதவீதம். பத்து வருடம் கழித்து, 2010இல், இதேபோன்ற 50 சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வந்தது. சில இடத்தில் அதிகத் தேர்வு கெடுத்தது, சில இடத்தில் உதவியது. எப்படியும் மூன்று என்பது யாரையும் திணறடிக்கிற எண் இல்லை. திணறடிப்பது மூன்றைப் பதினான்கால் பெருக்குவது. 42 கட்டங்களைப் பார்த்து எது முக்கியம் என்று வாசகரே கண்டுபிடிக்க வேண்டும் என்கிறீர்களே, அதுதான் பாரம்.

இப்போது உதாரணத்துக்கு வருகிறேன். உங்கள் தொழிலிலேயே வைத்துக்கொள்வோம். இயந்திர உதிரி பாகங்கள் செய்கிற ஒரு நிறுவனம், சுமார் 3,000 பாகங்கள். டீலர்கள் ஒரு நாளைக்கு 40 முறை போன் செய்கிறார்கள். பாக எண் என்ன, ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இரண்டு பேர் இதற்காகவே உட்கார்ந்திருக்கிறார்கள். "ஒரு நல்ல வெப்சைட் வேணும்" என்று உங்களைக் கூப்பிடுகிறார்கள். விலையை நாணயம் இல்லாமல், நடு ஆப்ஷனை 100 என்று வைத்து எழுதுகிறேன். உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பலரும் இங்கே செய்வது, நினைவுக்கு வந்த எல்லா வசதியையும் எழுதிவிட்டு, மூன்றில் ஒரு பங்கை முதல் ஆப்ஷனிலும் மூன்றில் இரண்டு பங்கை அடுத்ததிலும் போடுவது. ஐந்து பக்கம், பத்து பக்கம், இருபது பக்கம். ஒரு பேனர், மூன்று பேனர். வாங்குபவருக்கு இது எதுவுமே அர்த்தமாகாது, பத்துப் பக்கத்துக்கும் இருபது பக்கத்துக்கும் தன் பிரச்சினையில் என்ன வித்தியாசம் என்று அவருக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக, அவர் பிரச்சினை எந்த இடம்வரை தீரும் என்பதை வைத்து மூன்றாக வெட்டுங்கள். இந்த உதாரணத்தில் வெட்டு தானாகவே தெரிகிறது. முதலாவது, டீலர் பாக எண்ணைத் தானே தேடி எடுத்துக்கொள்வார். ஸ்டாக் கேட்க இன்னும் போன் செய்வார். இரண்டாவது, டீலர் லாகின் செய்து ஸ்டாக்கையும் தன் விலையையும் பார்ப்பார். ஆனால் அந்த ஸ்டாக் தினமும் மாலை எக்செல் கோப்பாக ஏற்றப்படுவது. மூன்றாவது, அவர்களுடைய ஸ்டாக் மென்பொருளோடு நேரடியாக இணைத்து, ஆர்டரும் அங்கேயே. விலை 55, 100, 190 என்று வருகிறது. காலம் 4 வாரம், 8 வாரம், 18 வாரம்.

எழுதும்போது நடுவிலிருந்து தொடங்குங்கள். உண்மையில் அவர்களுக்கு என்ன வேண்டுமோ அதை முதலில் முழுதாக எழுதி விலை போடுங்கள். அப்புறம் கீழே இறங்கி, "எதை விட்டாலும் இன்னும் பிரயோஜனமான ஒன்று மிஞ்சும்?" என்று கேளுங்கள். மேலே ஏறி, "பணம் இருந்தால் அடுத்து எந்த வலி தீரும்?" என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்குப் பதில் வரவில்லையென்றால் மூன்று வைக்காதீர்கள், இரண்டே போதும். எண்ணிக்கைக்காக ஒன்றைச் சேர்ப்பதன் விலையை நான் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை நடுவில் உள்ளது சின்னதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே மேலே ஒரு பிரமாண்ட ஆப்ஷன் வைத்தேன். யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்து அதன் வேலையைச் சரியாக மதிப்பிடக்கூட இல்லை, ஒரு மதிய நேரத்தில் உட்கார்ந்து இட்டு நிரப்பியது. அதைத்தான் எடுத்தார்கள். சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. அதைச் செய்ய எங்களிடம் ஆளும் இல்லை அனுபவமும் இல்லை. இரண்டு மாதம் தாமதமாக, கையிலிருந்து பணம் போட்டு முடித்தோம். அந்த வாடிக்கையாளர் திரும்ப வரவில்லை. அன்றிலிருந்து அனுப்பும் முன் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து, இதை மட்டும் அவர் எடுத்தால் எனக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள்கிறேன்.

கீழ் ஆப்ஷனை வேண்டுமென்றே அசிங்கமாக வைப்பதும் இதே ரகம். யாராலும் பயன்படுத்த முடியாத ஒன்றை வைத்து, அதைவிட நடுவில் உள்ளது மேல் என்று காட்டுவது. பட்ஜெட் இல்லாத ஒருவர் அதைத்தான் எடுப்பார், ஆறு மாதம் கழித்து "இவர்கள் செய்தது ஓடவே இல்லை" என்று உங்கள் பேரைச் சொல்வார்.

மெயிலை நான் எப்படி எழுதுவேன் என்று காட்டுகிறேன். பொருள் வரியில் "கொட்டேஷன்" என்று மட்டும் போடாமல், "டீலர் போன்களைக் குறைக்கும் வெப்சைட்: மூன்று வழிகள், எங்கள் பரிந்துரை இரண்டாவது" என்று போடுவேன். உள்ளே இப்படி:

> வணக்கம் சார்,
>
> செவ்வாய்க்கிழமை பேசியபோது, டீலர்களிடமிருந்து தினம் 40 போன் வருகிறது, அதில் பாதிக்கு மேல் ஸ்டாக் கேட்டுத்தான், இரண்டு பேருடைய நேரம் இதிலேயே போகிறது என்று சொன்னீர்கள். அதைக் குறைக்க மூன்று வழிகள் கீழே இருக்கின்றன.
>
> எங்கள் பரிந்துரை இரண்டாவது. முதலாவது பாக எண் கேட்கும் போன்களை மட்டும் குறைக்கும். ஸ்டாக் கேட்கும் போன்கள் அப்படியே இருக்கும். மூன்றாவது இன்னும் நல்லதுதான், ஆனால் உங்கள் ஸ்டாக் ஒரு நாளைக்குள் அதிகம் மாறாது என்றால் அந்தக் கூடுதல் செலவு இப்போது தேவையில்லை.
>
> 1. பாகத் தேடல். 3,000 பாகங்களும் படம், எண், எந்த இயந்திரத்துக்குப் பொருந்தும் என்ற விவரத்தோடு. விலை 55. 4 வாரம்.
>
> 2. தேடலும் ஸ்டாக்கும் (பரிந்துரை). முதலாவதில் உள்ள எல்லாமும், டீலர் லாகினும். டீலர் தன் விலையையும் முந்தைய நாள் மாலை நிலவரப்படி ஸ்டாக்கையும் பார்க்கலாம். உங்கள் பக்கத்தில் ஒருவர் தினமும் மாலை எக்செல் கோப்பை ஏற்ற வேண்டும், பத்து நிமிட வேலை. விலை 100. 8 வாரம்.
>
> 3. நேரடி இணைப்பு. ஸ்டாக் மென்பொருளோடு இணைத்து, அந்த நிமிட நிலவரமும் ஆன்லைன் ஆர்டரும். உங்கள் ஸ்டாக் மென்பொருள் நிறுவனத்தின் ஒத்துழைப்பு தேவை. விலை 190. 18 வாரம்.
>
> இரண்டில் தொடங்கி ஒரு வருடத்துக்குள் மூன்றுக்கு மாறினால் கூடுதலாக 98 ஆகும். எக்செல் ஏற்றும் பகுதி மட்டும் வீணாகும், மற்றதெல்லாம் அப்படியே பயன்படும்.
>
> மூன்று விலையும் வரி நீங்கலாக. அடுத்த மாதம் 15ஆம் தேதி வரை செல்லும். எது எதில் அடங்கும் என்ற முழு விவரம் இணைத்துள்ள இரண்டு பக்கக் கோப்பில் இருக்கிறது.
>
> ஒரே ஒரு கேள்வி: ஒரு பாகத்தின் ஸ்டாக் ஒரே நாளில் தீர்ந்துபோவது வாரத்துக்கு எத்தனை முறை நடக்கும்? ஓரிரு முறைதான் என்றால் இரண்டாவதையே தொடங்கலாம். தினமும் நடக்கிறது என்றால் மூன்றாவதைப் பற்றிப் பேசுவோம்.

இதில் சில இடங்களைக் கவனியுங்கள். பரிந்துரை விலைகளுக்கு மேலே இருக்கிறது. ஏன்? மூன்று தொகையைப் பார்த்தவுடன் மனம் அந்தத் தொகைகளை மட்டும்தான் ஒப்பிடும். அதற்கு முன்பே எதை வைத்து ஒப்பிட வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். கடைசியில் "எங்கள் தாழ்மையான கருத்து" என்று ஒரு வரி போட்டால், அதற்குள் அவர் 55ஐ மனதில் எடுத்துவிட்டிருப்பார், நீங்கள் அதிலிருந்து அவரை இழுக்கிறவராக ஆகிவிடுவீர்கள். நீங்கள் பயப்படுகிற அந்தத் தள்ளல் உணர்வு உண்மையில் இப்படித்தான் வருகிறது. தைரியமாக முன்னால் சொன்னதால் யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பின்னால் வந்து நைசாகச் சொன்னதால் சுளித்திருக்கிறார்கள்.

பரிந்துரையின் குறையும் அங்கேயே இருக்கிறது: ஸ்டாக் முந்தைய நாள் நிலவரம், தினம் ஒருவர் கோப்பை ஏற்ற வேண்டும். இதை மறைத்தால் இரண்டாவது இன்னும் பளபளப்பாகத் தெரியும்தான். ஆனால் மூன்றாவது ஏன் இருக்கிறது என்பதே புரியாமல் போகும். ஒவ்வொரு ஆப்ஷனும் எதைச் செய்யாது என்று தெரிந்தால்தான் அடுத்தது எதற்கு என்று தெரியும். அப்புறம் அந்த 98. 190இல் 100 போனால் 90தானே என்று கணக்குப் போடுவார்கள். எட்டு எங்கிருந்து வந்தது என்று முன்பே சொல்லிவிட்டால், இரண்டாவதை எடுப்பது தப்பாகப் போனாலும் நஷ்டம் எட்டுதான் என்று அவர்களே கண்டுகொள்வார்கள். தேர்வில் திணறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் எது சிறந்தது என்பது கவலை இல்லை. தப்பாக எடுத்துவிட்டால் திரும்ப முடியுமா என்பதுதான் கவலை. அதற்கு ஒரு எண்ணில் பதில் சொல்ல முடிகிறபோது சொல்லிவிடுங்கள்.

அட்டவணை வேண்டாம் என்று நான் வைத்ததற்குக் காரணம் அழகு இல்லை. மூன்று பத்தி கொண்ட அட்டவணை போன் திரையில் பாதி வெளியே போய்விடும். இரண்டு முறை ஃபார்வர்டு ஆகும்போது சில நேரம் கட்டங்கள் கலைந்து, எந்த விலை எதற்கு என்றே தெரியாமல் எல்லாம் ஒரே வரிசையில் விழும். விவரமான ஒப்பீடு வேண்டியவர்களுக்குத்தான் இணைப்புக் கோப்பு. ஆனால் விலை மெயிலிலேயே இருக்க வேண்டும். விலையை மட்டும் இணைப்பில் ஒளித்து வைத்தால், அவர்கள் நேராக அதைத்தான் திறப்பார்கள், நீங்கள் எழுதிய காரணத்தைப் படிக்காமல். அனுப்பும் முன் உங்களுக்கே அனுப்பி, போனில் திறந்து, வேறு ஒரு முகவரிக்கு ஃபார்வர்டு செய்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

சின்னதிலிருந்து பெரியதா, பெரியதிலிருந்து சின்னதா என்று கேட்பீர்கள். முதலில் பார்க்கிற எண் அடுத்த எண்களைப் பார்க்கிற பார்வையை மாற்றும் என்பது ஆய்வுகளில் பலமுறை பார்க்கப்பட்டதுதான். ஆகவே பெரியதை முதலில் வைத்தால் நடு மலிவாகத் தெரியலாம். நானும் இரண்டு விதமாகவும் அனுப்பியிருக்கிறேன், வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. தெரியாததற்கு ஒரு காரணம், வருடத்துக்கு முப்பது நாற்பது கொட்டேஷன் அனுப்புகிறவர்களால் இதையெல்லாம் அளக்கவே முடியாது. பத்தில் நான்கு, பத்தில் ஐந்து என்று மாறுவது தற்செயலாகவே நடக்கும். நான் சின்னதிலிருந்து போவதற்குக் காரணம் வேறு: "முதலாவதில் உள்ள எல்லாமும், கூடவே இது" என்று எழுத முடிகிறது. மெயில் பாதியாகச் சுருங்குகிறது.

விலைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதற்கும் சூத்திரம் கிடையாது. வேலையின் அளவுதான் அதைத் தீர்மானிக்க வேண்டும். ஆனால் 90, 100, 110 என்று நெருக்கமாக வந்தால் நீங்கள் வெட்டிய இடம் சரியில்லை என்று அர்த்தம். உண்மையில் அது ஒரே ஆப்ஷன், சில்லறை மாற்றங்களோடு. அப்படி வந்தால் ஒரே விலை சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, வருகிற பதிலை வைத்து என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது. "இரண்டுக்கும் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டால், நீங்கள் வசதிகளை எழுதியிருக்கிறீர்கள், பலனை எழுதவில்லை. "முதலாவது விலைக்கே அந்த லாகினை மட்டும் சேர்த்துக் கொடுங்களேன்" என்று கேட்டால் இரண்டு காரணம் இருக்கலாம். சும்மா பேரம் பேசுவதாகவும் இருக்கலாம்; அல்லது அந்த லாகின் இல்லாமல் முதலாவது அவர்களுக்குப் பயனே இல்லை, நீங்கள் தப்பான இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். "லாகின் எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று திரும்பக் கேட்டால் தெரிந்துவிடும். பேரம் பேசுபவரிடம் காரணம் இருக்காது. காரணம் சொல்பவரிடம் முதலாவதைத் திருத்தி, விலையையும் திருத்தி அனுப்புங்கள். வேலையைக் குறைக்காமல் விலையை மட்டும் குறைத்தால், மூன்று விலையும் காற்றில் எழுதியவை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். பட்ஜெட் இல்லை என்கிறவருக்குப் பதில் தள்ளுபடி இல்லை, முதலாவது ஆப்ஷன். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறீர்கள்.

தொடர்ந்து நாலைந்து பேர் கீழே உள்ளதையே எடுத்தால், அது அளவுக்கு மீறி நிறைவாக இருக்கிறது, அல்லது நடுவில் நீங்கள் கூட்டியிருப்பது உங்களுக்குத்தான் முக்கியம், அவர்களுக்கு இல்லை. யோசிக்காமல் மேலே உள்ளதை எடுத்தால் அதன் விலையைத் திரும்பப் பாருங்கள். ஏதோ ஒரு வேலையைக் கணக்கில் விட்டிருக்கிறீர்கள். நேரடி இணைப்பு மாதிரி அடுத்தவர் மென்பொருளை நம்பி இருக்கிற வேலையில் இது அடிக்கடி நடக்கும்.

மூன்று வைக்கவே கூடாத இடங்களும் உண்டு. என்ன வேண்டும் என்று அவர்களே பட்டியல் எழுதி, அதற்கு விலை கேட்டிருந்தால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நான்கு பேரின் விலையை அருகருகே வைத்துப் பார்க்கப் போகிறார்கள், உங்கள் மூன்று அங்கே தொந்தரவு. பேசும்போதே "அந்த இரண்டாவதுதான்" என்று முடிவாகிவிட்டிருந்தாலும் அப்படியே. முடிவெடுத்தவருக்குத் திரும்பத் தேர்வைக் கொடுத்து, நானே ஒரு வேலையை மூன்று வாரம் தள்ளிப்போட்டிருக்கிறேன். எது சரி என்று உங்களுக்கே தெரியாதபோது மூன்று வைத்துத் தப்பிக்கிறதும் கூடாது. அப்போது வேண்டியது இன்னொரு போன் பேச்சு. உங்களுக்குத் தெரியும் என்கிறீர்கள், ஆகவே இது உங்களுக்கு இல்லை.

ஏற்கெனவே அனுப்பிவிட்டுப் பதில் வராமல் கிடக்கிற மெயில்களையும் விட வேண்டாம். "எங்கள் கொட்டேஷனைப் பார்த்தீர்களா?" என்று நினைவூட்டாதீர்கள். அவர் பார்த்துவிட்டார், முடிவெடுக்க முடியாமல்தான் இருக்கிறார். அதே மெயிலுக்குப் பதிலாக நாலு வரி எழுதுங்கள்: "மூன்று வழிகளை அனுப்பியிருந்தேன், எதை எடுக்கலாம் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நீங்கள் சொன்ன ஸ்டாக் பிரச்சினையை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான். பாக எண்ணுக்குத்தான் அதிகம் போன் வருகிறது என்றால் முதலாவதே போதும். இந்த இரண்டில் எது உங்கள் நிலைமை என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்." சிலர் அன்றைக்கே பதில் எழுதுவார்கள். சிலர் "இந்த வருடம் பட்ஜெட் இல்லை" என்பார்கள், அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் கோளாறு மெயிலில் இல்லை. அவர்களுக்கு இப்போது வெப்சைட் அவசரமில்லை, அதை எந்த மூன்று விலையும் மாற்றாது.